காற்றின் நடுவே தலைவியின் முதல் அன்பு

(மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு கல்லூரிப் புதிர் மன்றப் பொறுப்பாசிரியர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் கல்லூரி திறந்ததும் முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதுவேன். ஒரு பக்கத்தைத் தாண்டாது. துறைகளின் அறிவிப்புப் பலகைகளிலும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலும் ஒட்டிவைப்போம். உங்கள் வட்டத்தின் செயலாளர் தம் மகளின் பையிலிருந்து அதன் படி ஒன்றை எடுத்துப் படித்திருக்கிறார். "இதைக் கொஞ்சம் விரித்துப் பேசுங்களேன்" என்று கேட்டார். கடிதத்தை முதலில் அப்படியே வாசித்துவிடுகிறேன்.

"அன்புள்ள மாணவர்களுக்கு,

வாரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்ததும், நூலகத்தின் மாடி அறையில் கூடித் தமிழ்ப் புதிர்க் குறுக்கெழுத்து அவிழ்க்கிறோம். நீங்களும் வாருங்கள். எந்தத் துறையில் படிப்பவரும் வரலாம். எந்த நாள், எந்தப் பொழுது என்பதைக் கீழே உள்ள இரண்டு குறிப்புகள் சொல்லும். அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

வாரத்தில் ஒன்று, ஆண்டில் பன்னிரண்டு, வானத்தில் ஒன்றே (4)

அந்தி நேரம் கழுத்தில் விழுவது (2)

மூன்று வகையாக நடத்துகிறோம். முதலாவது தனித்தாள். எட்டுக் குறிப்புகள், இருபத்தைந்து நிமிடங்கள், பேச்சு கிடையாது. விடைக்கு ஒரு மதிப்பெண். அந்த விடை எப்படி வந்தது என்று பக்கத்தில் எழுதும் ஒரு வரிக்கு இன்னொரு மதிப்பெண். இரண்டாவது பலகைச் சுற்று. ஒரே குறிப்பைப் பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து அவிழ்ப்போம். விடை தெரிந்தவர் விடையைச் சொல்லக் கூடாது. ஒரே ஒரு படியை மட்டும் சொல்லலாம். மூன்றாவது ஆக்கல் சுற்று, மாதத்தின் கடைசி வாரத்தில். அன்று நீங்கள் எழுதிய குறிப்பைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதை அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்துவிடுவோம். ஊருக்குப் பேருந்தில் போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். பென்சிலும் அழிப்பானும் கொண்டுவந்தால் போதும். அகராதிகள் அறையிலேயே இருக்கின்றன."

கடிதம் அவ்வளவுதான். அடியில், குறிப்புகள் அவிழாதவர்களுக்காக, "திங்கள் மாலை" என்று நேராகவும் எழுதிவிடுவோம். புதிர் தெரியாதவர் வாசலிலேயே நின்றுவிடக் கூடாது.

அந்த இரண்டு குறிப்புகளிலிருந்தே தொடங்குகிறேன். திங்கள் என்றால் வாரத்தில் ஒரு கிழமை, ஆண்டில் பன்னிரண்டாக வரும் மாதம், வானத்தில் ஒன்றாகவே இருக்கும் நிலா. ஒரே சொல்லின் மூன்று பொருள்களை வரிசையாக வைத்ததுதான் குறிப்பு. தி, ங், க, ள் என்று நான்கு எழுத்து. இரண்டாவது குறிப்பிலும் இதே முறைதான். மாலை என்றால் அந்தி நேரம். மாலை என்றால் கழுத்தில் விழுவது. காளமேகம் போன்றோர் சிலேடையில் செய்ததை ஒரே வரிக்குள் அடக்கியது இது.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பாருங்கள். "அந்தி நேரத்தில்" என்று எழுதாமல் "அந்தி நேரம்" என்று எழுதியிருக்கிறோம். "அந்தி நேரம் வீட்டுக்கு வந்தான்" என்று பேச்சில் சொல்கிறோம் அல்லவா? உருபு இல்லாமலே அது 'நேரத்தில்' என்ற பொருளைத் தந்துவிடுகிறது. வாக்கியமாகப் படித்தாலும் இடறாது. 'அந்தி நேரம்' என்பதை மட்டும் பிரித்தெடுத்தால் 'மாலை' என்ற சொல்லுக்குச் சரியான பொருளாகவும் நிற்கும். தமிழில் குறிப்பு எழுதுகிறவர் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது இந்த வேற்றுமை உருபுகளோடுதான்.

இனி, புதிர்க் குறுக்கெழுத்து என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குறுக்கெழுத்தில் ஒரு சொல்லின் பொருளைக் கொடுப்பார்கள். நாம் சொல்லைக் கண்டுபிடிப்போம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் கட்டம் அப்படிப்பட்டதுதான். அது இங்கிலாந்துக்குப் போனபோது வேறு வடிவம் எடுத்தது. எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் என்பவர் 'டார்கமாடா' என்ற புனைபெயரில் 1926 முதல் அப்சர்வர் இதழில், பொருளோடு ஒரு சொல்விளையாட்டையும் பின்னிக் குறிப்பு எழுதினார். அவருக்குப் பின் 'ஜிமெனீஸ்' என்ற புனைபெயரில் எழுதிய டெரிக் மக்நட், எது நேர்மையான குறிப்பு, எது ஏமாற்று என்பதற்கு விதிகள் வகுத்து 1966இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நம் ஊரில் 'தி இந்து' நாளிதழுக்கு 1971 முதல் இந்தியர்களே குறிப்பு எழுதலானார்கள். முதலில் எழுதியவர் நம் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரான அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி.

விதியின் சாரம் எளியது. ஒரு குறிப்பில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று விடையின் பொருள். மற்றது அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. நாங்கள் மன்றத்தில் 'பொருள்', 'வழி' என்றே சொல்கிறோம். பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும், நடுவில் இராது. பொருளும் வழியும் போக மிச்சமாக ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. ஆகவே ஒரே விடைக்கு இரண்டு சாட்சிகள். இரண்டும் ஒத்தால்தான் விடை. தனித்தாளில் வழிக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருப்பது இதனால்தான். பொருளை மட்டும் பார்த்து ஊகித்தவருக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். வழியைச் சரியாக எழுதிவிட்டு ஓர் எழுத்தைப் பிழையாகப் போட்டவருக்கும் அதே பாதி.

வழிகள் பல உண்டு. அவை மேல்நாட்டிலிருந்து வந்தவை என்று நினைத்துக்கொண்டுதான் மாணவர்கள் வருகிறார்கள். அதனால் முதல் திங்களன்றே தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் திறந்து காட்டுவேன். அங்கே சித்திரகவி வகைகளில் அக்கரச்சுதகம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை நீக்க நீக்க வேறு வேறு பொருள் வரும்படி பாடுவது. "முதல் போன கவிதை மண்ணில் ஊன்றத் தக்கது (2)" என்று நாங்கள் குறிப்பு எழுதினால், கவிதையில் முதல் எழுத்துப் போய் விதை வருகிறது. இது அக்கரச்சுதகமே. வினாவுத்தரம் என்று இன்னொன்று. பல வினாக்களுக்குத் தனித்தனி விடை சொல்லி, அந்த விடைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு சொல் வரும். "மானுக்கு முன்னே கொடு, குளத்தில் பூத்தது (3)" என்ற குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மானில் ஒரு வகை மரை. கொடு என்பதற்குத் தா. மானுக்கு முன்னே 'தா' வைத்தால் தாமரை. வாக்கியமாகப் படிக்கும்போது 'பூத்ததை' என்று இரண்டாம் வேற்றுமை தோன்றும். அஃறிணைப் பெயரில் ஐ உருபு தொக்கு நிற்கலாம் என்பது நமக்கு வசதியாகப் போயிற்று. 'பூத்தது' என்றே எழுதிவிட்டோம், பொருளும் பிசகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மாத்திரைச் சுருக்கம். ஒரு நெடிலைக் குறிலாக்கினால் வேறு சொல் பிறக்கும் அணி அது. "சுருங்கிய பாட்டு காஞ்சியில் நெய்யப்படுவது (3)" என்று முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுத்தால் பத்து நொடியில் பிடித்துவிடுகிறார்கள். பாட்டில் 'பா' சுருங்கிப் 'ப' ஆனால் பட்டு. ஆங்கிலக் குறிப்பு எழுதுகிறவருக்கு இந்த வழி இவ்வளவு இயல்பாகக் கிடைக்காது. குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்தாக இருப்பதால் நமக்குக் கிடைக்கிறது.

இதோடு சேர்ந்ததுதான் எழுத்தைத் திருப்பிப் படிப்பதும். திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடியிருப்பதை நீங்கள் அறிவீர்கள்; முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். அங்கே திரும்புவது ஒலிகள் அல்ல, எழுத்துகள். 'கா' என்பது ஓர் எழுத்தாகவே திரும்பும். க் வேறு, ஆ வேறு என்று பிரியாது. எங்கள் கட்டத்துக்கும் அதே கணக்குதான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். புள்ளி வைத்த மெய்யும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் 'மரம்' என்பதை இரண்டு என்று எண்ணுவார்கள், காதுக்கு அப்படிக் கேட்பதால். இலக்கணப்படி அது மூன்று எழுத்து. முதல் வாரத் தாளில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கைப் பிழைகளே. இரண்டாம் வாரம் அவை மறைந்துவிடும்.

இந்த 247 எழுத்துகளால் அவிழ்ப்பவருக்கு ஒரு லாபம், ஆக்குபவருக்கு ஒரு தொல்லை. குறுக்கே ஒரு சொல் விழுந்து, நெடுக்கே வரும் சொல்லுக்கு 'கை' என்ற எழுத்துக் கிடைத்தால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரிவதைவிட இது பெரிய துப்பு. கட்டம் போடுகிறவரோ திணறுவார். நம் சொற்களில் மிகப் பல ம், ன், ல், ர் என்று புள்ளி எழுத்தில் முடிகின்றன. புள்ளி எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ஆகவே நரகம் என்ற சொல்லைக் குறுக்கே வைத்தால், அதன் ம் இருக்கும் இடத்தில் நெடுக்கே ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. அந்த ம், கம்பன் என்பதில் போல நெடுக்குச் சொல்லின் நடுவில் வர வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வர வேண்டும். ர என்ற எழுத்திலும் நம் சொற்கள் தொடங்குவதில்லை; இரவல் சொற்கள்தாம் தொடங்கும். இதனால் தமிழ்க் கட்டங்கள் ஆங்கிலக் கட்டங்களைப் போல நெருக்கமாக அமைவதில்லை. எங்கள் மாணவர்கள் வரையும் கட்டங்களில் கறுப்பு இடம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். மொழியின் அமைப்பு அப்படி.

இப்போது பலகைச் சுற்றுக்கு வருகிறேன். கடிதத்தில் மூன்று வரியில் சொன்னதை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மன்றத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஒரு திங்கள் மாலை பலகையில் இந்தக் குறிப்பை எழுதினேன்: "காற்றின் நடுவே தலைவியின் முதல் அன்பு (3)".

படித்தவுடன் கண் முன்னே என்ன வருகிறது? சங்கப் பாடல் போல ஒரு காட்சி. காற்று வீசுகிறது, ஒரு தலைவி, அவளுடைய முதல் காதல். குறிப்பு எழுதுகிறவர் விரும்புவதும் அதைத்தான். அவிழ்க்கிறவர் முதலில் செய்ய வேண்டியது அந்தக் காட்சியைக் கலைப்பது.

பொருள் ஓரத்தில்தான் இருக்கும் என்பதால் இரண்டே இடங்கள். இடது ஓரத்தில் காற்று. வலது ஓரத்தில் அன்பு. ஒரு மாணவர் எழுந்து, "காற்றுதான் பொருள் என்றால் 'இன் நடுவே' அந்தரத்தில் நிற்கிறது சார். அதனால் அன்புதான் பொருள்" என்றார். அது ஒரு படி. பலகையில் அன்பின் கீழே கோடு போட்டோம்.

அன்பு என்ற பொருளில் மூன்று எழுத்துச் சொற்கள் எவை என்று கேட்டேன். நேசம், பாசம், பரிவு, பற்று, நட்பு, காதல் என்று வந்துகொண்டே இருந்தன. ஆறையும் பலகையில் எழுதினோம். எல்லாமே மூன்று எழுத்து. எல்லாமே அன்புக்குப் பக்கத்தில் நிற்பவை. சாதாரணக் குறுக்கெழுத்தாக இருந்தால் இங்கே ஒன்றை ஊகித்து எழுதிவிட்டு, குறுக்கே வரும் எழுத்துக்காகக் காத்திருப்போம். இங்கே அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை, வழி மிச்சம் இருக்கிறது.

'நடுவே' என்பது ஒன்றை இன்னொன்றின் உள்ளே வை என்ற கட்டளை. அதை ஒருவர் சொன்னார். அடுத்த படி. எதனுள் வைப்பது? காற்றினுள். எதை வைப்பது? 'தலைவியின் முதல்' என்பதை. இங்கே தமிழ் இலக்கிய மாணவர்கள் வழி தவறினார்கள், அவர்கள் தவறியதும் படிப்பினால்தான். அகத்திணையில் முதல், கரு, உரி என்று மூன்று பொருள்கள் உண்டு அல்லவா? முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். அவர்கள் தலைவியின் நிலம் எது, குறிஞ்சியா முல்லையா என்று தேடத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து நிமிடம் அந்த வாதம் நடந்தது. நான் குறுக்கிடவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து வேதியியல் முதலாண்டு மாணவி ஒருவர், "தலைவி என்ற சொல்லின் முதல் எழுத்து 'த' தானே சார்?" என்றார். அறை அமைதியாகிவிட்டது. பலகையில் இருந்த ஆறு சொற்களையும் எல்லோரும் பார்த்தார்கள். நடுவில் 'த' இருப்பது ஒன்றில்தான். காதல்.

வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடலாம். எங்கள் விதிப்படி இன்னும் முடியவில்லை. 'த' போனால் மிச்சம் கா, ல். கால். கால் என்றால் காற்றா? அந்த மாணவிக்கே தெரியவில்லை. "விடை சரி என்று தெரிகிறது சார், ஆனால் கால் ஏன் வந்தது என்று தெரியவில்லை" என்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை எடுத்துக் கொடுத்தோம். கால் என்ற சொல்லுக்கு அதில் நெடிய பட்டியல் இருக்கிறது. உறுப்பு, நான்கில் ஒரு பங்கு, காலம், வாய்க்கால் என்று போகும் வரிசையில் காற்று என்ற பொருளும் இருந்தது. பழைய பாடல்களில் கால் என்றால் காற்று என்று வரும் இடங்களை, அதுவரை குறிஞ்சியைத் தேடிக்கொண்டிருந்த இலக்கிய மாணவர்களே எடுத்துச் சொன்னார்கள். அப்போதுதான் கட்டம் நிரம்பியதாகக் கணக்கு.

இந்தக் குறிப்பின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'முதல் அன்பு' என்று சேர்த்தே படிக்கிறோம். அதைப் பிரிக்க மனம் வருவதில்லை. ஆனால் 'முதல்' தலைவியோடு போக வேண்டியது. 'அன்பு' தனியே நிற்க வேண்டியது. சொற்களின் நடுவே கத்தி எங்கே விழுகிறது என்பதுதான் புதிர். விடை தெரிந்தவர் ஒரு படி மட்டும் சொல்லலாம் என்ற விதி இல்லாவிட்டால், அந்த மாணவி முதல் நிமிடத்திலேயே "காதல்" என்று சொல்லியிருப்பார். மற்ற எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போயிருப்பார்கள். முதற்பொருள் பேச்சும் வந்திருக்காது, லெக்சிகனும் திறந்திருக்காது.

மூன்றாவது வகை ஆக்கல் சுற்று. ஒரு குறிப்பு எங்கே உடைகிறது என்பதை அவிழ்த்துக்கொண்டே இருந்தால் கற்க முடியாது; எழுதிப் பார்க்க வேண்டும். மாணவர்கள் எழுதிக்கொண்டுவரும் குறிப்புகள் திரும்பத் திரும்ப இரண்டு இடங்களில்தான் உடைகின்றன.

ஒன்று, புணர்ச்சி. கரந்துறை வகையில் விடை குறிப்பின் சொற்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். "வந்த கரம் மறைத்த உலோகம் (4)" என்று ஒரு மாணவர் எழுதினார். 'வந்த கரம்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். 'வந்' போனால் தகரம். உலோகம் என்பது பொருள். அழகான குறிப்பு. அவருடைய நண்பர் அதை இன்னும் மெருகேற்ற நினைத்து, "அந்தக் கரம் மறைத்த உலோகம்" என்று மாற்றினார். குறிப்பு அங்கேயே இறந்துவிட்டது. 'அந்த' என்ற சுட்டுக்குப் பின் வல்லினம் மிகும். நடுவில் ஒரு க் வந்து உட்கார்ந்துகொள்ளும். த, க், க, ர, ம் என்று ஐந்து எழுத்து ஆகிவிடுகிறது. அது தகரம் இல்லை. 'வந்த' என்பது பெயரெச்சம். அதன் பின் வல்லினம் மிகாது. அதனால்தான் முதல் குறிப்பு நின்றது. 'க்' போடாமல் எழுதிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. பிழையான தமிழ் எழுதித்தான் விடையை ஒளிக்க வேண்டும் என்றால் அந்தக் குறிப்பை விட்டுவிட வேண்டியதுதான். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த மாணவர்கள், தங்கள் குறிப்பைக் காப்பாற்றுவதற்காக அதை மறுபடி தேடிப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, இரட்டை விடை. 'கைதி' என்ற சொல்லைத் திருப்பினால் 'திகை'. இரண்டும் தமிழில் வழங்கும் சொற்கள். ஒரு மாணவி எழுதிய குறிப்பு: "சிறையில் இருப்பவர் திரும்பி வியந்து நில் (2)". படிக்கும்போது குறை ஏதும் தெரியாது. தாளில் கொடுத்துப் பார்த்தோம். பாதிப் பேர் திகை என்று எழுதினார்கள். பாதிப் பேர் கைதி என்று எழுதினார்கள். இரண்டு கட்சிக்கும் வழி சரியாகவே இருந்தது. சிறையில் இருப்பவரைத் திருப்பினால் வியந்து நில் என்ற பொருள் வருகிறது. வியந்து நில் என்பதைத் திருப்பினால் சிறையில் இருப்பவர் வருகிறார். 'திரும்பி' என்ற சொல் நடுவில் நிற்பதால் அது எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று சொல்ல முடியவில்லை.

சரி செய்வது எப்படி? அந்த மாணவியே சரி செய்தார். "திரும்பிய சிறைவாசி, வியந்து நில் (2)" என்று மாற்றினார். 'திரும்பி' என்ற வினையெச்சம் 'திரும்பிய' என்ற பெயரெச்சம் ஆனது. அது தனக்கு அடுத்த பெயரைத்தான் பற்றும். ஆகவே திரும்புவது சிறைவாசி மட்டும், மிச்சம் இருப்பது பொருள், விடை திகை. ஆங்கிலத்திலும் இதே கோளாறு வரும். அங்கே அதைத் தீர்க்கச் சொற்களை இடம் மாற்றிப் போட வேண்டியிருக்கும். இங்கே ஓர் எச்சத்தை மாற்றியதும் தீர்ந்துவிட்டது. இதே முறையில் "குழம்பிய நகரம் பாவிகள் சேருமிடம் (4)" என்று எழுதினால் நரகம் மட்டுமே விடை. "நகரம் குழம்பி" என்று தொடங்கினால் என்ன ஆகும் என்று வீட்டில் யோசித்துப் பாருங்கள்.

ஒரு குறிப்பு நேர்மையானதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதியவரால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் விடை அவருக்குத் தெரியும். அதனால் ஆக்கல் சுற்றில் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று பேர் தனித்தனியே அவிழ்த்து, விடையையும் வழியையும் எழுதித் தருவார்கள். மூவரும் ஒரே விடை, ஒரே வழி என்றால் குறிப்பு தேறியது. விடை ஒன்று, வழி வேறு என்றால் ஏதோ ஒரு சொல் வேண்டாத வேலை செய்கிறது. அதைத் தேட வேண்டும். மூவரும் விடை சொல்லி, ஒருவரும் வழி எழுதவில்லை என்றால் பொருள் அளவுக்கு மீறி வெளிப்படையாக இருக்கிறது என்று அர்த்தம். யாருமே விடை சொல்லவில்லை என்றாலும் உடனே தள்ளிவிட மாட்டோம். விடையைச் சொன்னதும் மூவரும் "ஆமாம், இது எனக்குக் கிடைத்திருக்க வேண்டும்" என்றால் அது கடினமான குறிப்பு, வைத்துக்கொள்வோம். "இது எப்படி வரும்?" என்று கேட்டால்தான் எழுதியவர் திருத்த வேண்டும்.

இப்படித் தேறிய குறிப்புகளிலிருந்து எட்டை எடுத்துத்தான் அடுத்த மாதத் தனித்தாளைத் தயாரிக்கிறோம். கடையில் வாங்கிய புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை. ஆகவே முதலாண்டு மாணவர் தனித்தாளில் அவிழ்ப்பது இரண்டாமாண்டு மாணவர் எழுதியதை. அவருக்கு அவிழாவிட்டால், எழுதியவரே அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்; போய்க் கேட்கலாம், சண்டையும் போடலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சென்ற மாதம் ஆக்கல் சுற்றில் மூன்று பேரிடமும் தேறிய ஒரு குறிப்பை உங்களுக்குத் தருகிறேன். விடையைச் சொல்லப் போவதில்லை. இதற்கு வேண்டிய வழியை இன்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

"சுருங்கிய கோடை, வள்ளல் தருவது (2)".

விடையோடு வழியையும் ஒரு வரியில் எழுதி, வெளியே மேசையில் இருக்கும் பெட்டியில் போடுங்கள்.